போர்வெல் நீரில் துருக்கறை: ஒப்பந்ததாரருக்கு எங்கள் சங்கம் அனுப்பவிருக்கும் கடிதம், திருத்தம் சொல்லுங்கள்

இரண்டாம்தளச் செயலர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள் உள்ளன. பழைய ஆழ்துளைக் கிணறு வற்றிப்போனதால் ஓராண்டுக்கு முன் புதிதாக ஒன்று தோண்டினோம். ஆழம் 420 அடி. தண்ணீர் தாராளமாகவே கிடைக்கிறது. ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து கழிப்பறைப் பீங்கானில் செம்மஞ்சள் கோடுகள் விழத் தொடங்கின, வெள்ளைத் துணிகள் பழுப்பேறின. ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்தால் மிதவையின் கம்பி முழுவதும் செந்நிறக் கொழகொழப்பு படிந்திருக்கிறது. கிணறு தோண்டிய ஒப்பந்ததாரரே இப்போது ஒரு வடிகட்டி பொருத்தித் தருவதாகக் கூறி விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார். அவருக்கு அனுப்ப நான் எழுதிய வரைவு இது. சங்கக் கூட்டத்தில் வைப்பதற்கு முன், விவரம் அறிந்தவர்கள் குறை சொன்னால் திருத்திக்கொள்வேன்.

*அன்புடையீர், வணக்கம்.*

*தாங்கள் எங்கள் வளாகத்தில் தோண்டிக் கொடுத்த ஆழ்துளைக் கிணற்றின் நீரில் இரும்பு கலந்து வருவதால் குளியலறைகளும் குழாய்களும் துணிகளும் கறைபட்டு வருவதை ஏற்கெனவே இரண்டு முறை தொலைபேசியில் தெரிவித்திருந்தோம். தாங்கள் கொடுத்த நீர் ஆய்வறிக்கையில் இரும்பு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என்றும் பிஎச் 7.4 என்றும் உள்ளது. இந்த அளவு பொருட்படுத்தத் தக்கதன்று என்று தாங்கள் கூறினீர்கள். ஆனால் நாங்கள் கண்ணால் காணும் கறை அதற்குப் பொருந்தவில்லை.*

*தற்போது தாங்கள் பரிந்துரைத்துள்ள, மாங்கனீசு டை ஆக்சைடு மீடியா நிரப்பிய 13 அங்குல உருளை வடிகட்டியைக் கிணற்று மோட்டாரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குச் செல்லும் குழாயிலேயே பொருத்தினால் சிக்கல் முற்றிலும் தீரும் என்பதை எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். கிணறு தோண்டியதில் நேர்ந்த குறையினால்தான் இந்நிலை ஏற்பட்டது என்பதால், வடிகட்டியின் செலவில் பாதியைத் தாங்களே ஏற்க வேண்டும் என்று எங்கள் உறுப்பினர்கள் கருதுகிறார்கள்.*

*இப்படிக்கு, குடியிருப்போர் நலச் சங்கம்.*

மோட்டார் மணிக்கு 6,000 லிட்டர் இறைக்கிறது. இதைத் தொட்டி நிரம்பும் நேரத்தை வைத்து அளந்தோம். ஒரு நாள் பயன்பாடு ஏறத்தாழ 30,000 லிட்டர்.

முன்னூறடி

நான் இருபது ஆண்டுகளாகப் போர் போடும் தொழிலில் இருப்பவன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தவுடன் அந்த ஒப்பந்ததாரர் மடித்து வைத்துவிடுவார். பாறைக்குள் இருக்கும் இரும்பை யாரும் கொண்டுபோய் உள்ளே போடுவதில்லை. அடுத்தடுத்த மனைகளில் தோண்டினாலும் ஒன்றில் இரும்பு வரும், மற்றொன்றில் வராது. தண்ணீர் எந்த வெடிப்பின் வழியாக வருகிறதோ அதைப் பொறுத்தது அது.

அதே நேரம் எங்கள் தொழிலில் நடக்கும் தவறுகளையும் மறைக்க விரும்பவில்லை. கிணற்றின் மேற்பகுதி சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பு இரும்பாக இருந்து அரித்துப்போயிருக்கலாம். மோட்டாரைத் தாங்கும் ஏற்றுக்குழாய் துருப்பிடித்திருக்கலாம். கேசிங்கைக் கெட்டிப் பாறை வரை இறக்காமல் விட்டால் மேல்மண் நீர் சேற்றோடு உள்ளே கசியும். இவை எங்கள் பொறுப்பு. ஆகவே "தோண்டியதில் குறை" என்று மொத்தமாக எழுதாமல், கேசிங் எத்தனை அடி, எந்தப் பொருள், முதல் தண்ணீர் எந்த அடியில் வந்தது, மோட்டார் எந்த ஆழத்தில் தொங்குகிறது என்று கேளுங்கள். குறிப்பேடு வைத்திருப்பவர் ஒரு நாளில் பதில் தருவார்.

இரண்டுக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஓட்டி, கிணற்று வாயிலேயே தண்ணீரைப் பிடியுங்கள். முதல் சில நிமிடம் கலங்கலாக வந்து பிறகு தெளிந்து, தெளிந்த நீர் எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளிவாகவே இருந்தால் குழாயில்தான் துரு. இருபது நிமிடம் ஓடிய பிறகு பளிங்கு போல வரும் நீர், வைத்திருக்க வைத்திருக்க மஞ்சளித்தால் அது பாறையின் இரும்பு.

தனிவீடு

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். ஷவர் துளைகள் அடைத்துக்கொள்கின்றன, குழாய்களில் வெள்ளைப் படலம் உரிகிறது, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. நாங்கள் உப்பு போடும் சாஃப்ட்னர் வாங்கினோம், ஆறு மாதமாகக் கவலையே இல்லை. டிடிஎஸ் மீட்டரில் உங்கள் நீர் எவ்வளவு காட்டுகிறது? அதை வைத்துச் சொல்லிவிடலாமே.

மணல்படுகை

தனிவீடு நண்பரே, உங்களுடையது வெள்ளைப் படிவு, அதாவது கடினத்தன்மை. செயலர் அம்மாவுடையது செந்நிறப் படிவு. இரண்டும் ஒரே கிணற்றில் வரலாம் என்றாலும் நோய் வேறு, மருந்து வேறு. சாஃப்ட்னரில் உள்ள ரெசின் கரைந்த நிலையில் இருக்கும் இரும்பைக் கொஞ்சம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் காற்றுப் பட்டுத் துருத்துகளாக மாறிய இரும்பு ரெசின் மணிகளின் மேல் பூசிக்கொள்ளும், பிறகு உப்புநீர் விட்டாலும் போகாது. டிடிஎஸ் மீட்டரும் இங்கே உதவாது. கரைந்த உப்புகள் எல்லாவற்றின் மின்கடத்தலையும் சேர்த்து அது காட்டும் நூற்றுக்கணக்கான எண்ணில், 3 மில்லிகிராம் இரும்பு இருக்கும் இடமே தெரியாது.

நான் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. ஒன்று 0.4 என்ற எண். இரும்பு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே பீங்கானில் கறை பிடிக்கத் தொடங்கும் என்பது உண்மைதான், ஆனால் 0.4-க்கு மூன்று மாதத்தில் ஃபிளஷ் தொட்டி நீங்கள் சொல்லும் நிலைக்கு வராது. அந்த மாதிரி நீர் எங்கே, எப்படிப் பிடிக்கப்பட்டது என்று தெரியாமல் எந்த வடிகட்டியையும் பேச முடியாது. மற்றொன்று அந்த 13 அங்குலம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் புட்டியைச் சரிசெய்வோம்.

ஆய்வக மேசை

புட்டியைப் பற்றி நான் சொல்லலாம், அன்றாடம் இந்தத் தவறைப் பார்க்கிறேன். பெரும்பாலும் மேல்நிலைத் தொட்டிக் குழாயிலிருந்து பழைய குடிநீர்ப் புட்டியில் பிடித்து, மறுநாள் மாலை கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அதற்குள் இரும்பின் பெரும்பகுதி தொட்டியின் அடியிலேயே தங்கிவிட்டிருக்கும். மிஞ்சியதும் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஊற்றும்போது கூட வராது. மேலே தெளிந்த நீரை எடுத்துச் சோதித்தால் 0.4 வருவதில் வியப்பில்லை. கருவி பொய் சொல்லவில்லை, கருவிக்குக் கொடுத்த நீர்தான் வேறு.

இரும்புக்கென்று தனிப் புட்டி வேண்டும், அதில் ஆய்வகமே சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுக்கும். கிணற்று வாயில் இருபது நிமிடம் மோட்டார் ஓடிய பின் நிரப்புங்கள். புட்டியைக் கழுவிவிட்டுப் பிடிக்காதீர்கள், அமிலம் போய்விடும். பிஎச்சுக்கு அந்தப் புட்டி ஆகாது. பிஎச்சைக் கிணற்றடியிலேயே பார்க்க வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வழியிலேயே வெளியேறிவிடுவதால், ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது பிஎச் கூடியிருக்கும். உங்கள் 7.4-ஐயும் நான் நம்ப மாட்டேன்.

மாடித்தொட்டி

இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் வளாகத்தில் தொட்டி நிரம்பும்போது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறோம். இரும்பு துருவாக மாறி அடியில் இறங்கிவிடுகிறது, மேலே தெளிந்த நீர் வீடுகளுக்குப் போகிறது. குளோரின் கிருமியையும் கொல்லும். வடிகட்டி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மணல்படுகை

பாதி சரி. குளோரின் இரும்பை நன்றாகவே துருவாக மாற்றும். 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.64 மில்லிகிராம் குளோரின் போதும். ஆனால் மாறிய துரு எங்கே போகிறது என்று உங்கள் கணக்கில் இல்லை. அது மிகவும் மென்மையான தூள், தொட்டியில் நீர் ஓயாமல் ஏறி இறங்கும்போது முழுதாகப் படிய அதற்கு நேரமே கிடைக்காது. படிந்ததும் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கும் நாளில் கிளம்பிவிடும். மாலையில் திடீரென்று எல்லா வீட்டிலும் செந்நீர் வருகிறது என்ற புகார் உங்கள் வளாகத்தில் வந்ததுண்டா?

மாடித்தொட்டி

மாதத்துக்கு ஒரு முறை வரும். தொட்டி கழுவும் நாள் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம்தளச் செயலர்

நீங்கள் எல்லோரும் சொன்னபடி செய்தேன். ஆய்வகத்திலிருந்து அமிலப் புட்டி வாங்கி, இரவு நிறுத்திய மோட்டாரைக் காலை ஆறு மணிக்கு ஓட்டி, இருபது நிமிடம் கழித்துப் பிடித்து அன்று காலையிலேயே கொடுத்தேன். முடிவு இரும்பு 3.2 மில்லிகிராம். கிணற்றடியில் காகிதப் பட்டையில் பார்த்த பிஎச் 6.6 அளவில் இருந்தது.

அதே நேரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியிலும் நிரப்பி, மூடாமல் சன்னலில் வைத்தேன். பிடித்தபோது அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. முக்கால் மணி நேரத்தில் மெல்லிய மஞ்சள் பூத்தது, நண்பகலுக்குள் எழுத்து மங்கிவிட்டது, மறுநாள் காலையில் அடியில் மிளகாய்ப்பொடி தூவியது போல ஒரு வரி நின்றது. முன்னூறடி ஐயா, காலையில் வந்த முதல் நீரும் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. ஆகவே இது குழாயின் துருவன்று என்றே எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தில் பாதிச் செலவு கேட்ட வரியை நீக்கிவிட்டேன். அதில் மூன்று உறுப்பினர்களுக்கு என் மேல் வருத்தம்.

மணல்படுகை

இப்போது பேச அடித்தளம் கிடைத்துவிட்டது. ஒரு கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் என்றால் 30,000 லிட்டரில் ஒரு நாளைக்கு 96 கிராம் இரும்பு. அது துருவாக மாறும்போது ஆக்சிசனையும் நீரையும் சேர்த்துக்கொள்வதால் உலர்ந்த எடையிலேயே 180 கிராம் அளவுக்கு வந்துவிடும். நாள்தோறும் இவ்வளவு தூளை எங்கேயாவது பிடித்து, பிடித்ததை எங்கேயாவது வெளியேற்ற வேண்டும். இரும்பு வடிகட்டி என்றால் இவ்வளவுதான். பிடிப்பதைப் பற்றி எல்லா விற்பனையாளரும் பேசுவார்கள், வெளியேற்றுவதைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

இனி 13 அங்குலத்துக்கு வருவோம். அந்த உருளையின் குறுக்குப் பரப்பு 0.0855 சதுர மீட்டர். கிணற்று மோட்டாரின் குழாயிலேயே பொருத்தினால் மணிக்கு 6,000 லிட்டர் முழுவதும் அதன் வழியாகப் போயாக வேண்டும். அப்படியானால் நீர் மீடியாவுக்குள் மணிக்கு 70 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. இரும்பு வடிகட்டிக்கு நான் ஒப்புக்கொள்ளும் வேகம் 10, மிஞ்சினால் 12 மீட்டர். 70-ல் துரு மீடியாவைத் தொட்டுக்கொண்டே மறுபக்கம் போய்விடும். முதல் வாரம் புதிய மீடியாவின் தயவில் நன்றாக இருக்கும், ஒப்பந்ததாரர் பணம் வாங்கிய மறுவாரம் பழைய கதை தொடங்கும். மீடியா கெட்டுப்போயிற்று, மாற்ற வேண்டும் என்பார்கள். மீடியாவின் மேல் குற்றமே இருக்காது.

முன்னூறடி

அப்படியானால் பெரிய உருளையாக வாங்கச் சொல்லுங்கள், முடிந்தது.

மணல்படுகை

அங்கேதான் அடுத்த முடிச்சு இருக்கிறது. 6,000 லிட்டரை 12 மீட்டர் வேகத்துக்கு இறக்க வேண்டுமென்றால் அரைச் சதுர மீட்டர் பரப்பு, அதாவது 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரம் வேண்டும். அதில் இந்தக் கனத்த மாங்கனீசு டை ஆக்சைடை நிரப்பினால், பேக்வாஷ் செய்யும்போது, அதாவது நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டுக் கழுவும்போது, மீடியாவைத் தூக்கிக் குலுக்க மணிக்கு 60 மீட்டர் வேகம் வேண்டும். அரைச் சதுர மீட்டருக்கு அது மணிக்கு 30,000 லிட்டர். உங்கள் மோட்டார் தருவது 6,000. ஆகவே சிறிய உருளையை மோட்டார் கழுவிவிடும், ஆனால் அது வடிகட்டாது. பெரிய உருளை வடிகட்டும், ஆனால் அதைக் கழுவ முடியாது. கழுவாத மீடியா ஆறு மாதத்தில் அடைபோலக் கட்டிக்கொள்ளும், நீர் அதற்குள் ஒரு பொந்து போட்டுக்கொண்டு வடிகட்டப்படாமலே போகும்.

வெளியே வரும் வழி, மோட்டாரையும் வடிகட்டியையும் பிரிப்பதுதான். கிணற்று நீர் நேரே மாடிக்குப் போகக் கூடாது. உங்கள் கீழ்த்தொட்டியில் இரண்டு அறைகள் உண்டா?

இரண்டாம்தளச் செயலர்

உண்டு. நடுவே சுவர் இருக்கிறது. இப்போது இரண்டாம் அறை பயன்பாட்டில் இல்லை.

மணல்படுகை

நல்லது, பாதி வேலை முடிந்திருக்கிறது. கிணற்று நீரை முதல் அறையின் கூரைக்கு அருகில், துளையிட்ட குழாய்கள் வழியாக மழைபோலப் பொழிய விடுங்கள். இதனால் இரண்டு நன்மைகள். காற்று கலந்து இரும்பு துருவாக மாறும், கரியமில வாயு வெளியேறுவதால் பிஎச்சும் ஏறும். இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். பிஎச் 6.6-ல் காற்றை எவ்வளவு ஊதினாலும் இரும்பு சோம்பலாகவே மாறும். ஒரு படி ஏறினால் அந்த வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். கிணற்றடியில் ஒரு வாளி பிடித்து, அதை இன்னொரு வாளிக்கு உயரத்திலிருந்து பத்து முறை மாற்றி ஊற்றுங்கள். பிறகு காகிதப் பட்டையை நனைத்துப் பாருங்கள். 7.2-க்கு வந்துவிட்டால் தொட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தங்கினாலே போதும், மருந்து எதுவும் தேவைப்படாது. 6.8-லேயே நின்றுவிட்டால் குளோரின் சேர்க்க வேண்டியிருக்கும், அப்போது மாடித்தொட்டி நண்பரின் பிளீச்சிங் பவுடருக்கு உரிய இடம் கிடைக்கும்.

அடுத்து, முதல் அறையிலிருந்து இரண்டாம் அறைக்கு ஒரு சிறிய பம்பு, நாளுக்கு இருபது மணி நேரம், மணிக்கு 1,500 லிட்டர். இப்படி மெதுவாக ஓட்டினால் அதே 13 அங்குல உருளை இரண்டை இணையாக வைத்தாலே போதும். சேர்த்த பரப்பு 0.171 சதுர மீட்டர், வேகம் மணிக்கு 9 மீட்டருக்கும் கீழே. கழுவும்போது ஒன்றை மூடி மற்றொன்றில் மட்டும் கிணற்று மோட்டாரைத் திருப்பினால் 70 மீட்டர் வேகம் கிடைக்கும், கனத்த மீடியாவும் எழும். கழுவிய பின் சில நிமிடம் முன்னோக்கி ஓட்டி அந்த நீரையும் வடிகாலில் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் கழுவியதும் இரும்பு நீரில்தான். ஒப்பந்ததாரரின் உருளையும் மீடியாவும் தவறில்லை. அவர் அதை வைக்கச் சொன்ன இடம் தவறு.

முன்னூறடி

கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் களத்தில் 6,000 லிட்டர் வராது. அந்த உருளைகளின் தலையில் போடும் பல்வழி வால்வு சிறிதாக இருந்தால் ஓட்டத்தை நெரித்துவிடும். மோட்டார் முழு வேகத்தில் உறுமும், வடிகாலில் பாதி நீர்தான் விழும். நான் பொருத்திய இரண்டு இடங்களில் இப்படி நடந்து, என்ன காரணம் என்று புரியாமல் மோட்டாரை மாற்றியிருக்கிறேன்.

மணல்படுகை

இதை நான் விட்டுவிட்டேன், நன்றி. கண்டுபிடிக்க 20 லிட்டர் வாளி ஒன்று போதும். பேக்வாஷ் ஓடும்போது வடிகால் முனையில் வாளியைப் பிடியுங்கள். 12 முதல் 14 வினாடிக்குள் நிரம்பினால் மீடியா எழுகிறது. 30 வினாடி ஆனால் மணிக்கு 2,400 லிட்டர்தான் போகிறது, மீடியா படுத்துக்கிடக்கும், மேல்படலம் மட்டும் கழுவப்படும். இந்த வாளிச் சோதனையையே கடிதத்தில் நிபந்தனையாகப் போடுங்கள். ஆய்வறிக்கையை விட இதில் ஏமாற்றுவது கடினம். வாளியில் விழும் நீரில் முதலில் செஞ்சேறு வர வேண்டும், கடைசியில் கண்ணாடியாகத் தெளிய வேண்டும். கருமணிகள் வந்தால் வேகம் கூடிவிட்டது, மீடியா வெளியேறுகிறது என்று பொருள்.

மாடித்தொட்டி

ஃபிளஷ் தொட்டியில் கொழகொழப்பு என்று எழுதியிருந்தார்களே, அதை யாரும் கவனிக்கவில்லையே? வெறும் துரு அப்படி வழுக்காது. அது இரும்புப் பாக்டீரியா. எங்கள் வளாகத்தில் அது வந்தபோது கிணற்றுக்குள்ளேயே குளோரின் ஊற்றி ஒரு நாள் நிறுத்தி வைத்தோம்.

மணல்படுகை

இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கலாம். நீர்ப்பரப்பில் வானவில் நிறத்தில் எண்ணெய் போன்ற ஆடை மிதந்தால் ஒரு குச்சியால் கிழியுங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து உடைந்து நின்றால் இரும்பின் ஆடை, பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். உடனே சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் உண்மையிலேயே எண்ணெய், மோட்டாரைப் பாருங்கள். பாக்டீரியா கிணற்றில் குடியேறியிருந்தால் குளோரின் ஒருமுறை போட்டால் அடங்கும், ஒழியாது. மீண்டும் மீண்டும் வரும்.

முன்னூறடி

கிணற்றில் குளோரின் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அளவு தெரியாமல் ஊற்றிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த சேறெல்லாம் ஒரே நேரத்தில் உரிந்து மோட்டாரின் உறிஞ்சும் சல்லடையை அடைத்த கதை எனக்குத் தெரியும். ஊற்றினால், இறைத்து வெளியே கொட்ட இடம் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அந்த நீர் எந்தத் தொட்டிக்கும் போகக் கூடாது.

தனிவீடு

ஒரு சிறு கேள்வி, என் வீட்டைப் பற்றியதுதான், மன்னிக்கவும். வெள்ளைத் துணியில் ஏற்கெனவே விழுந்த துருக்கறையை என் மனைவி வெளுப்பானில் ஊறவைத்தார், கறை இன்னும் அழுத்தமாகிவிட்டது. அப்படியானால் எங்கள் நீரிலும் இரும்பு இருக்கிறதா?

ஆய்வக மேசை

இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது, உங்கள் சாஃப்ட்னரின் ரெசினை ஒரு முறை திறந்து பாருங்கள். குளோரின் வெளுப்பான் துருக்கறையை நூலோடு கெட்டிப்படுத்தும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் கறை கரையும். ஆனால் வெளுப்பானை முழுவதும் அலசிய பிறகுதான், இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

இரண்டாம்தளச் செயலர்

வாளி மாற்றி ஊற்றினேன். 6.6 இருந்தது 7.2-க்கும் 7.4-க்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டியது. இதை வைத்துக் கடிதத்தின் நடுப்பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன்.

*தாங்கள் அளித்த ஆய்வறிக்கையின் மாதிரி நீர் மேல்நிலைத் தொட்டியின் குழாயிலிருந்து எடுக்கப்பட்டது என்று தங்கள் பணியாளரே தெரிவித்தார். கிணற்று வாயில் முறைப்படி எடுத்த மாதிரியில் இரும்பு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் உள்ளது, அவ்வறிக்கையின் படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இனி எந்த வடிகட்டியும் இந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டே திட்டமிடப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.*

*தாங்கள் பரிந்துரைத்த 13 அங்குல உருளையைக் கிணற்று மோட்டாரின் குழாயில் நேரடியாகப் பொருத்துவதை நாங்கள் ஏற்க இயலாது. அதற்கு மாறாக, கீழ்த்தொட்டியின் முதல் அறையில் பொழிகுழாய் அமைத்து, அங்கிருந்து மணிக்கு 1,500 லிட்டர் செல்லும் பம்பின் வழியாக, இணையாக வைத்த இரண்டு உருளைகளில் வடிகட்டி, இரண்டாம் அறையில் சேர்க்கும் ஏற்பாட்டுக்குத் திருத்திய விலைப்புள்ளி அனுப்ப வேண்டுகிறோம். அதில் வால்வின் அளவும், ஒவ்வொரு உருளையிலும் நிரப்பப்படும் மீடியாவின் எடையும் குறிப்பிடப்பட வேண்டும்.*

*பணியை ஏற்றுக்கொள்ளும் நாளில், பேக்வாஷ் நீர் 20 லிட்டர் வாளியை 14 வினாடிக்குள் நிரப்ப வேண்டும். தொடர்ந்து முப்பது நாட்கள் ஓடிய பின் இரண்டாம் அறைக்குள் விழும் குழாய் முனையில், நாங்கள் எடுக்கும் மாதிரியில் இரும்பு 0.3 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். கடைசித் தவணை அந்த அறிக்கைக்குப் பிறகே வழங்கப்படும். மேலும், கேசிங்கின் நீளமும் பொருளும், நீர் கிடைத்த ஆழங்களும், மோட்டார் தொங்கும் ஆழமும் குறித்த தங்கள் பதிவுகளின் படியை அனுப்பி உதவ வேண்டுகிறோம்.*

முன்னூறடி

இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால் நானே நேரில் வந்து பேசுவேன். முப்பது நாள் என்பதில் மட்டும் அவர் தகராறு செய்வார். தொட்டியை நீங்கள் கழுவாமல் வைத்திருந்தால் அதற்கு அவர் பொறுப்பாக முடியுமா என்று கேட்பார்.

மணல்படுகை

அதனால்தான் மாதிரியை விழும் குழாய் முனையில் எடுக்கச் சொல்கிறார்கள், தொட்டியில் அல்ல. சரியாகவே எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்று கூட்டுவேன், கழுவிய நீர் எங்கே போகும் என்பதை. ஒரு உருளைக்குப் பத்து நிமிடம் கழுவினால் 1,000 லிட்டர், இரண்டுக்கும் 2,000, முன்னோக்கி அலசும் நீர் தனி. மழைநீர் சேகரிப்புக் குழியில் விடாதீர்கள், துரு மண்ணின் துளைகளை மூடிவிடும். தோட்டத்துக்கு விடலாம் என்று சிலர் சொல்வார்கள், தரைக்கற்களெல்லாம் சிவக்கும்.

இரண்டாம்தளச் செயலர்

எங்கள் தோட்டக்காரருக்கு அந்த நீர் வேண்டுமாம், கூட்டத்தில் இதற்கே அரை மணி நேரம் போகும். இன்னொன்று. நேற்றுக் குழாய்ப் பணியாளர் பழைய குழாயின் ஒரு துண்டை அறுத்தெடுத்தார். உள்ளே செந்நிறப் படிவுக்கு அடியில் மை பூசியது போலக் கறுப்பாக ஒரு பூச்சு இருந்தது, விரலில் ஒட்டியது.

ஆய்வக மேசை

அது மாங்கனீசாக இருக்கலாம். உங்கள் இரண்டு அறிக்கையிலும் அது சோதிக்கப்படவில்லை, கேட்டால்தான் செய்வோம். அதே அமிலப் புட்டி போதும்.

மணல்படுகை

மாங்கனீசு இருந்தால் என் கணக்கில் ஒரு பகுதி மாறும். இரும்பு 7.2-ல் காற்றுக்கே பணியும், மாங்கனீசு பணியாது. அதற்கு மீடியாவின் பரப்பும், பெரும்பாலும் தொடர்ந்து சிறிதளவு குளோரினும் வேண்டும். இந்த மீடியா குளோரினைத் தாங்கும், அந்த வகையில் நல்லது. ஆனால் அளவு தெரியாமல் உருளையின் எண்ணிக்கையை நான் உறுதிசெய்ய மாட்டேன்.

இரண்டாம்தளச் செயலர்

திங்கட்கிழமை காலை மறுபடியும் புட்டியோடு கிணற்றடிக்குப் போகிறேன். கடிதத்தில் இரும்பின் அளவுக்குக் கீழே மாங்கனீசுக்கு ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். எண் வந்து சேரும் வரை கடிதம் என் மேசையில்தான் இருக்கும்.